அரிசிப் படி

மருமக வந்து மூணு மாசம் ஆகுது. பையனுக்கு வேலை திருச்சியில, பஸ்ஸில போய்ட்டு வந்துடறான். அதனால ரெண்டு பேரும் லால்குடியில எங்ககூடத்தான் இருக்காங்க. போன வாரம் நான் வாழைக்கு முட்டுக் கொடுக்க ஆள்கூட வயலுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். மருமக அடுப்படியில இருந்து எட்டிப் பார்த்து, "அத்தை, அரிசி எவ்வளவு போடணும்?" அப்படின்னு கேட்டா.

சாதாரணக் கேள்விதான். ஆனா எனக்கு ஒரு நிமிஷம் கால் நகரல. இதே கேள்வியைக் கேக்க முடியாம நான் ஒரு வருஷத்துக்கு மேல இதே அடுப்படியில நின்னிருக்கேன். அதை எழுதணும்னு அன்னைக்கே தோணுச்சு. மழை பெய்யுறதால இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சது.

எனக்குக் கல்யாணம் ஆனது 1991 ஆனி மாசம். ஜெயலலிதா முதல் தடவையா முதலமைச்சர் ஆன அதே மாசம், அதனால எங்க வீட்டுல யாருக்கும் வருஷம் மறக்காது. பத்தாவது முடிச்சு நாலு வருஷம் அப்பாகூட காட்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க ஊர் பாடாலூர் பக்கம். இப்ப அது பெரம்பலூர் மாவட்டம். 1995ல பிரிக்கிற வரைக்கும் திருச்சி மாவட்டந்தான். லால்குடிக்கு நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரே மாவட்டம், ஒரே பாஷை, என்ன பெரிய வித்தியாசம்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

வித்தியாசம் மண்ணுல இருந்துச்சு. எங்களது வானம் பார்த்த பூமி. கரிசல் மண்ணு. பருத்தி, சோளம், கடலை, கிணறு இருக்கிறவங்களுக்கு சின்ன வெங்காயம். லால்குடி அப்படி இல்ல. காவிரித் தண்ணி முக்கொம்புலேர்ந்து வாய்க்கால் வழியா வயலுக்கு வருது. நெல்லும் வாழையும்தான். எங்க ஊர்ல கால்ல மண்ணு ஒட்டினா மழை பெஞ்சிருக்குன்னு அர்த்தம். இங்க வருஷத்துல பாதி நாள் முழங்கால் வரைக்கும் சேறு. நாத்து நடறப்போ பின்னாடி நகர்ந்துக்கிட்டே நடணும்கிறதுகூட எனக்குத் தெரியாது. நான் முன்னாடி போய் நட்ட நாத்தையே மிதிச்சேன். நடவுக்கு வந்த பொம்பளைங்க சிரிச்சாங்க.

ஆனா சிரிச்சவங்களால எனக்குக் கஷ்டம் இல்ல. பேசாதவங்களாலதான்.

வந்த நாலாம் நாள் காலையில அத்தை, அதாவது என் மாமியார், "சோத்த நீ வடி" அப்படின்னுட்டு மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போயிட்டாங்க. அதுதான் எனக்குக் கிடைச்ச முதல் பொறுப்பு. நான் எங்க வீட்டுல வைக்கிற மாதிரி தாராளமா உலை வச்சேன். எங்க வீட்டுல சோறுன்னா ரேசன் புழுங்கரிசி, பழசு, தண்ணி நல்லா குடிக்கும், ரொம்ப நேரம் வேகும். பாதி நாளு சோளச் சோறுதான். இங்க இருந்தது அந்தத் தை மாசம் அறுத்த பொன்னி. புது அரிசி சீக்கிரம் வெந்துடும். பக்கத்துலயே நின்னு ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து உடனே இறக்கணும். எனக்குத் தெரியல. நான் வந்து பார்க்கும்போது பானையில இருந்தது சோறு இல்ல, கூழு.

அத்தை வந்தாங்க. மூடியைத் திறந்து பார்த்தாங்க. ஒரு வார்த்தை சொல்லல. பாதியைக் கழனித் தொட்டியில கொட்டிட்டு, தனியா ஒரு சட்டியில மாமாவுக்கும் அவருக்கும் வேற சோறு வடிச்சாங்க. மீதி இருந்த குழைஞ்ச சோத்தை அவங்களும் நானும் சாப்பிட்டோம். அப்பவும் பேசல.

மறுநாள்லேர்ந்து அரிசியை அவங்களே அளந்து கொடுக்க ஆரம்பிச்சாங்க. அரிசி இருந்த உள்ளறைச் சாவி அவங்க இடுப்புல. காலையில திறந்து, படியில தலை தட்டி அளந்து, முறத்துல கொட்டி, என் முன்னாடி வச்சுட்டுப் பூட்டிடுவாங்க. எவ்வளவுன்னு நான் கேக்கக்கூடாது, அவங்களும் சொல்ல மாட்டாங்க. சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா எத்தனை பேருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாலும் முறம் வர்ற வரைக்கும் உலையைக் கொதிக்க விட்டுட்டு நிக்கணும்.

இதுக்கு அழுவாங்களான்னு நீங்க நினைக்கலாம். நான் அழுதிருக்கேன். திட்டினா பதில் சொல்லலாம், இல்ல சொல்லாம மனசுக்குள்ள வச்சுக்கலாம். பேசாதவங்ககிட்ட என்ன தப்பு பண்ணோம்னே தெரியாது. தினமும் நாமளே ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுக்கணும். வேலை செய்யறப்போ சத்தம் வராம பாத்திரம் வைக்கப் பழகினேன். மாமா திண்ணையில இருந்தா வாசல் வழியா போகாம கொல்லைப் பக்கம் சுத்திப் போவேன். அவர்கிட்ட சொன்னா, "அம்மா அப்படித்தான், ஒண்ணும் மனசுல வச்சுக்காதே" அப்படின்னுட்டு திரும்பிப் படுத்துக்குவாரு.

ஒரு மாசத்துல ஆடி வந்துடுச்சு. புதுப் பொண்ணை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சுக்கிட்டுப் போவாங்க. ஆடியில கரு தங்கினா சித்திரை வெயில்ல பிரசவம் ஆகும், அதுக்காகத்தான்னு பெரியவங்க சொல்லுவாங்க. காரணம் எதுவா இருந்தாலும் எனக்கு அது பள்ளிக்கூடத்துல முழுப் பரிட்சை லீவு விட்ட மாதிரி இருந்துச்சு. ஆடிப் பதினெட்டுக்கு மட்டும் லால்குடிக்கு வந்தோம். வாய்க்கால் கரையில காப்பரிசி, காதோலைக் கருகமணி எல்லாம் வச்சுக் கும்பிட்டு, தாலியைப் பிரிச்சுப் புது மஞ்சக் கயித்துல கோத்தாங்க. கோத்தது அத்தைதான். முடிச்சுப் போடறப்போ அவங்க விரல் என் கழுத்துல பட்டுச்சு. நல்லா சொரசொரன்னு இருந்த விரல். அவங்க என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவைன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது.

அம்மா வீட்டுல எல்லாரும் கேட்டாங்க, எப்படி வச்சிருக்காங்கன்னு. நல்லா வச்சிருக்காங்கன்னேன். அடிக்கலை, பட்டினி போடலை, சீர் கேக்கலை. வேற என்ன சொல்றது? பேசமாட்டேங்கறாங்கன்னு சொன்னா அதை ஒரு குறைன்னு யாரு எடுத்துக்குவா? அம்மாவுக்கு மட்டும் என்னமோ தெரிஞ்சிருக்கு. நான் கிளம்பற அன்னைக்குத் தலை வாரி விட்டுக்கிட்டே, "உனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணு அந்த வீட்டுலயும் இருக்கும்டி, தேடு" அப்படின்னாங்க. காவிரித் தண்ணி பாயற வீட்டுல காட்டுக்காரிக்கு என்ன வேலை தெரிஞ்சிருக்கப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆவணியில திரும்பி வந்தப்போ சம்பாவுக்கு நாத்து விடற நேரம். மூணு ஏக்கருக்கு வெள்ளைப் பொன்னி. அதை எப்படிச் செய்வாங்கன்னு சொன்னாத்தான் அடுத்தது புரியும்.

விதை நெல்லை அப்படியே வயல்ல கொட்டறது இல்ல. முதல்ல ஒரு தொட்டித் தண்ணியில கல்லுப்பைக் கரைச்சுக்கிட்டே வருவாங்க. அதுல ஒரு கோழி முட்டையைப் போட்டா முதல்ல மூழ்கிக் கிடக்கும். உப்பு ஏற ஏற மேல வந்து, நாலணாக் காசு அகலத்துக்கு முட்டை வெளிய தெரியும். அந்தப் பதத்துல நெல்லைக் கொட்டினா பதரும் அரைக்காயும் மிதக்கும், நல்ல விதை அடியில தங்கும். தங்கினதை ரெண்டு மூணு தண்ணி விட்டு உப்புப் போகக் கழுவிட்டு, ஒரு நாள் முழுக்க ஊற வைப்பாங்க. அப்புறம் சாக்குல கட்டி, தண்ணியை வடிய விட்டு, வீட்டுக்குள்ள வைக்கோல் பரப்பி அதுமேல வச்சு, மேலயும் வைக்கோல் மூடி, கல்லு பாரம் ஏத்திடுவாங்க. இன்னொரு நாள் போனா வெள்ளையா முளை எட்டிப் பார்க்கும். அந்த முளை நெல்லைத்தான் நாத்தங்கால்ல விதைக்கணும்.

ஊறின நெல்லு முளைக்கறப்போ தானா சூடு ஏறும். அந்தச் சூடு கொஞ்சம் வேணும், இல்லாட்டி முளை வராது. அளவு மீறினா நடுவுல இருக்கிற விதை வெந்து போயிடும். வெளியில இருந்து பார்த்தா தெரியாது, சாக்கு எப்பவும் போலத்தான் இருக்கும். வழக்கமா இதுக்கு அத்தைதான் பொறுப்பு. நேரத்துக்குத் தண்ணி தெளிச்சுப் பார்த்துக்குவாங்க. அந்தத் தடவை மூணு சாக்கையும் மாமா சுவரோரமா ஒண்ணோட ஒண்ணு நெருக்கி வச்சு, காத்தே போகாம மூடி, அம்மிக்கல்லை மேல ஏத்திட்டாரு. அத்தைக்கு ரெண்டு நாளா காய்ச்சல், எழுந்திருக்கல.

ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். கூடத்துல இருட்டு. சாக்கைத் தாண்டறப்போ கால் தடுக்கி, விழாம இருக்க வைக்கோலுக்குள்ள கை ஊணினேன். கை சுட்டுச்சு. குனிஞ்சா லேசா ஒரு புளிச்ச வாடை.

எனக்கு அந்தச் சூடு தெரியும். எங்க ஊர்ல சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்போம். காத்து போற மாதிரி படல் கட்டி, மேல ஓலை வேஞ்சு, மாசக் கணக்குல வெங்காயத்தை உள்ள சேத்து வைக்கிறது. அழுகல் எப்பவும் நடுவுலதான் ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கைக்குத் தெரியும். அப்பா வாரத்துக்கு ஒரு தடவை என்னைத்தான் கையை விட்டுப் பார்க்கச் சொல்லுவாரு, சின்னக் கைன்னு. உள்ள சூடா இருந்தா அன்னைக்கே பிரிச்சுக் கொட்டணும். யோசிச்சுக்கிட்டு நின்னா ஒரு வாரத்துல பட்டறையே போயிடும்.

பிரிக்கணும்னு கை பரபரங்குது. ஆனா எப்படிப் பிரிக்கறது? வந்து ரெண்டு மாசம் ஆன மருமக, சோறு வடிக்கத் தெரியாதவ, விதைச் சாக்கை நடுராத்திரியில பிரிச்சு அது முளைக்காமப் போனா? அவ வந்த நேரம்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. பேசாம போய்ப் படுத்துக்கிட்டா ஒரு பழியும் இல்ல. ஆனா வாய்க்கால்ல தண்ணி வந்தாச்சு, நாத்தங்கால் உழுது சேறடிச்சு வச்சாச்சு. விதை போனா வேற விதை தேடி, மறுபடி ஊற வச்சு, பத்து நாள் பின்னாடி போயிடும். கதிர் வர்ற நேரம் பனியில மாட்டிக்கும்.

அந்த இருட்டுல எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. அப்புறம் போய் அத்தை காலைத் தொட்டு எழுப்பினேன். "அத்தை, சாக்கு சுடுது."

அந்த வீட்டுல கேள்விக்குப் பதிலா இல்லாம நானா சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

காய்ச்சலோட எழுந்து வந்தாங்க. கையை உள்ள விட்டாங்க. ஒண்ணும் சொல்லாம அம்மிக்கல்லை ஒரு பக்கம் பிடிச்சாங்க, நான் இன்னொரு பக்கம் பிடிச்சேன். அரிக்கேன் விளக்கு வச்சுக்கிட்டு மூணு சாக்கையும் பிரிச்சுப் பாயில கொட்டிக் கிளறி, பச்சைத் தண்ணி தெளிச்சு ஆற விட்டோம். ரெண்டு சாக்கு நல்லா இருந்துச்சு. நடுச் சாக்குல உள்ள இருந்தது மட்டும் கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு, முளை பழுப்பா இருந்துச்சு. அதைத் தனியா ஒதுக்கினோம். கை பொறுக்கிற சூடு வந்ததும் மறுபடி தளர்வாக் கட்டி, சாக்குக்கு சாக்கு இடம் விட்டு வச்சோம். கோழி கூப்பிடுற நேரம் ஆயிடுச்சு. அத்தை சுவத்துல சாஞ்சு உக்காந்தாங்க. என்னையும் கையைக் காட்டி உக்காரச் சொன்னாங்க. அவ்வளவுதான். பேசல.

நாத்தங்கால்ல ஒரு ஓரம் கொஞ்சம் கலைப்பா முளைச்சுச்சு. நடவுல அரைக்கால் பங்கு நாத்து பத்தல, பக்கத்து வயக்காரங்ககிட்ட சில முடி நாத்து வாங்கி நட்டு முடிச்சோம். அப்படி வாங்க வந்தப்போ அந்தம்மா ஏன் பத்தலன்னு கேட்டிருக்காங்க. நான் வாழை மறைவுல புல்லு அறுத்துக்கிட்டு இருந்தேன். அத்தை சொன்னது காதுல விழுந்துச்சு. "எங்க மருமக பார்க்கலேன்னா இந்த வருஷம் மொத்தமும் கடன் நாத்துதான்."

எங்க மருமக. அதுவரைக்கும் 'அந்தப் பொண்ணு'தான். நான் அரிவாளைக் கீழ வச்சுட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

சினிமாவா இருந்தா மறுநாளே ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சுக்குவாங்க. இங்க அப்படி ஒண்ணும் நடக்கல. அடுத்த நாளும் முறத்துலதான் அரிசி வந்துச்சு. ஆனா அடுத்த சம்பாவுக்கு விதை ஊறினப்போ சாக்கு கட்டறதுல இருந்து நாத்தங்காலுக்குத் தூக்கற வரைக்கும் என் பொறுப்பு. யாரும் அப்படி அறிவிக்கல. அத்தை சாக்கையும் கயித்தையும் என் பக்கத்துல வச்சுட்டுப் போனாங்க. அந்த அறுப்புக்கு அப்புறம் ஒரு நாள் காலையில பார்த்தா உள்ளறை திறந்திருக்கு. அரிசிக் குதிர் மேல படி கவுத்து வச்சிருக்கு. முறத்தைக் காணோம். உலை கொதிக்குது. நானே போய் அளந்தேன். கை நடுங்கி ரெண்டு பிடி கீழ சிந்துச்சு. குதிரையும் படியையும் தொட்டுக் கும்பிட்டேன், யாரும் பார்க்கலேன்னு நினைச்சுக்கிட்டு. பார்த்திருக்காங்க. ரொம்ப வருஷம் கழிச்சுச் சொல்லிக் காட்டினாங்க.

அத்தை போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. கடைசி ஆறு மாசம் படுக்கையில இருந்தாங்க. அப்ப நிறையப் பேசுவாங்க. ஒரு நாள் கஞ்சி கொடுத்துக்கிட்டே கேட்டேன், "அத்தை, வந்த புதுசுல என்கிட்ட ஏன் பேசவே மாட்டீங்க? என்னைப் பிடிக்கலையா?"

அவங்க ஆச்சரியமாப் பார்த்தாங்க. "என் மாமியா பேசிக்கிட்டே இருப்பா. நின்னா ஒரு பேச்சு, உக்காந்தா ஒரு பேச்சு. நான் பதினஞ்சு வயசுல வந்தேன். எனக்கு ஒரு மருமக வந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுன்னு அப்பவே சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன். அன்னைக்கு நீ சோத்தைக் குழைச்சப்போகூட வாயைக் கட்டிக்கிட்டேன், தெரியுமா?"

எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. நான் தண்டனைன்னு நினைச்சுக்கிட்டு இருந்ததை அவங்க எனக்குச் செஞ்ச உபகாரமா நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. அரிசியை அளந்து கொடுத்தது ஏன்னு கேட்டேன். "அளவு தெரியாமத்தானே குழைஞ்சுது? தெரியற வரைக்கும் நான் அளந்தேன்" அப்படின்னாங்க. அதை முழுசா நான் நம்பறேன்னு சொல்ல மாட்டேன். சாவியை விடறதுக்கு அவங்களுக்கும் மனசு வரலைன்னுதான் நினைக்கிறேன். அந்த வீட்டுல அவங்களுக்குன்னு இருந்தது அந்தச் சாவி ஒண்ணுதான், அதுவும் அவங்க மாமியார் கண்ணை மூடின அப்புறம் கிடைச்சது.

அவர்கிட்டயும் கேட்டிருக்கேன், அப்ப ஏன் எனக்காக ஒரு வார்த்தை அம்மாகிட்ட பேசலைன்னு. பேசினா உனக்குத்தான் இன்னும் கஷ்டம்னு நினைச்சேன்னாரு. இருக்கலாம். ஆனா "பேசட்டுமா"ன்னு என்னைக் கேட்டிருக்கலாம் இல்லையா? இதுக்கு மட்டும் இன்னும் பதில் வரல. இதைப் படிச்சுக் காட்டினா வழக்கம் போல திரும்பிப் படுத்துக்குவாரு.

அன்னைக்கு மருமக கேட்டாளே, அரிசி எவ்வளவுன்னு. நான் வாசல்லேர்ந்து திரும்பி வந்தேன். ஒரு படி போட்டா நம்ம நாலு பேருக்கு ராத்திரிக்கும் வரும், மீதி இருந்தா தண்ணி ஊத்தி வச்சுடலாம்னு சொன்னேன். இது புது அரிசி, பக்கத்துலயே நின்னு பாரு, எடுத்துப் பார்த்தா நடுவுல புள்ளி இல்லாம இருக்கணும், அப்பவே வடிச்சுடுன்னும் சொன்னேன். அதுக்கு மேல சொல்ல வாய் வந்துச்சு, நிறுத்திக்கிட்டேன். எங்க அத்தையோட மாமியார் ஞாபகம் வந்துடுச்சு.

வயல்லேர்ந்து வந்து பார்த்தா சோறு குழைஞ்சுதான் இருந்துச்சு. போன் வந்துடுச்சாம். மருமக முகம் சுண்டிப் போய் நின்னா. நான் ஒரு தட்டுல போட்டு, மோரு ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டு, "உக்காரு, 1991ல நான் வடிச்சது இதைவிட மோசம்" அப்படின்னு சொல்லி இந்தக் கதையைச் சொன்னேன். கழனித் தொட்டி வர்ற இடத்துல அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

படி இப்பவும் அதே குதிர் மேலதான் இருக்கு. பித்தளைப் படி, விளிம்பு ஒரு பக்கம் நசுங்கி இருக்கும். நாளைக்கு அவளே அளக்கட்டும்.